வாசகர் வரவில்லை

எருமப்பட்டியில் மழை விட்ட மறுநாள் காலையில் வடகிழக்கே பார்த்தால், கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதே எனக்குப் பாதி நாள் வேலை. "அப்படி என்னத்தத்தானுங்க அங்க பாக்கறீங்க?" என்று வீட்டுக்காரி கேட்பாள். மலையைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் ஒரு தபால் கார்டின் நினைவு வந்திருக்கும். அந்தக் கார்டைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

பொது நூலகத் துறையில் நான் முதன்முதலில் சேர்ந்தது ஒரு கிளை நூலகத்தில். மலையடிவாரத்துக்குப் பக்கத்து ஊர். பெயர் வேண்டாம், நடந்த தப்பு என்னுடையது. அப்போது எங்கள் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. சில வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு மாறுதலில் நாலைந்து ஊர் சுற்றினேன். 1999இல் அதே நூலகத்துக்கே திரும்பி வந்தபோது, மாவட்டம் பிரிந்து நாமக்கல் மாவட்டம் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டடம் அதே கட்டடம். மேசையும் நாற்காலியும்கூட அதேதான்.

வந்த புதிதில் இருப்புச் சரிபார்ப்பு. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்களை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தட்டில் நூலைத் தேடிக் குறி போட வேண்டும். தட்டில் இல்லாதவை வாசகரிடம் இருக்கலாம், பைண்டிங் கட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் காணாமல் போயிருக்கலாம். பைண்டிங் கட்டு என்றால், முதுகு பிய்ந்த நூல்களைச் சணல் கயிற்றில் கட்டிப் பீரோ மேல் வைத்திருப்போமே, அதுதான். பைண்டிங்குக்குப் பணம் ஒதுக்கி வந்தால் கட்டு பைண்டரிடம் போகும். வராவிட்டால் அங்கேயே தூசி படிந்து கிடக்கும். வருஷா வருஷம் சரிபார்க்க வருகிறவர், கட்டைப் பிரிக்காமல், மேலே ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து 'பைண்டிங்கில்' என்று எழுதிவிட்டுப் போவார். நானும் அப்படி எழுதியவன்தான்.

அந்த வருஷம் பட்டியலைக் கரையான் தின்றிருந்தது. அதனால் கட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. நாலாவதோ ஐந்தாவதோ எடுத்த நூல் கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்' நாவல். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர், 2022இல் காலமானார். கொல்லிமலையில் வாழும் மக்களைப் பற்றிய நாவல் அது. முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. தூசி தட்டுவதற்காகத் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு உதறினேன். நடுவிலிருந்து ஒரு தபால் கார்டு காலடியில் விழுந்தது.

15 காசுக் கார்டு. ஒரு பக்கம் முகவரி. கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று சொல்வார்கள் அல்லவா, அப்படி ஒரு நாட்டின் பெயரும் அதில் ஒரு சிற்றூரின் பெயரும், மேலே ஓர் ஆளின் பெயரும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. மறுபக்கம் நூலின் பெயர், ஆசிரியர் பெயர். அதற்குக் கீழே, 'தாங்கள் முன்பதிவு செய்த நூல் வந்துள்ளது, ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொள்ளவும்' என்று ரப்பர் முத்திரை. முத்திரைக்குக் கீழே தேதி 12.11.87. தேதியும் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பமும் என் கையெழுத்து.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முன்பதிவு என்றால் செல்போனில் ஒரு தட்டு. அன்றைக்கு எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் எங்கே வழுக்கினேன் என்பது புரியாது.

நாங்கள் நூல் வழங்கியது பிரவுன் முறையில். நைனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகப் பெண்மணி கண்டுபிடித்தது. வாசகர் கையில் சின்ன உறை மாதிரி ஒரு டிக்கெட் இருக்கும். ஒவ்வொரு நூலின் உள்ளேயும் அந்த நூலின் எண்ணும் பெயரும் எழுதிய ஓர் அட்டை இருக்கும். நூல் வெளியே போகும்போது அட்டையை எடுத்து வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகி, திரும்பி வர வேண்டிய தேதிக்குப் பின்னால் மரத் தட்டில் நிறுத்தி வைப்போம். நூலில் ஒட்டிய தேதிச் சீட்டில் அதே தேதியை முத்திரை குத்துவோம். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்குள்ளும் டிக்கெட் வாசகர் கைக்கும் போய்விடும். டிக்கெட் ஒருவர் கையில் இருந்தால் அவர் நூலகத்துக்கு ஒன்றும் பாக்கியில்லை என்று அர்த்தம். ரசீது, பில் எதுவும் தேவையில்லை.

ஒருவர் கேட்கும் நூல் வெளியே போயிருந்தால் அவர் தன் முகவரி எழுதிய தபால் கார்டு ஒன்றை எங்களிடம் தர வேண்டும். முன்பதிவுப் பதிவேட்டில் வரவு வைத்து, மரத் தட்டில் அந்த நூலின் அட்டையைத் தேடிப் பிடித்து, அதன் தலையில் ஒரு சிவப்புக் கிளிப் மாட்டி வைப்போம். நூல் திரும்பி வந்து அட்டையை எடுக்கும்போது கிளிப் கண்ணில் படும். உடனே நூலைத் தட்டுக்கு அனுப்பாமல் மேசைக்குக் கீழே தனியாக வைத்து, கார்டில் தேதி போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஆள் வராவிட்டால் நூல் மறுபடி பொதுத் தட்டுக்குப் போகும்.

இதில் கெட்டுப் போகக்கூடிய இடங்கள் இரண்டு மூன்று உண்டு. கிளிப் நழுவி விழலாம். அட்டை தேதி மாறி நிற்கலாம். கார்டு தபாலில் தொலையலாம். என் கையில் இருந்த கார்டில் இவற்றில் எது நடந்தது என்று அன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். கிளிப் நழுவவில்லை. நழுவியிருந்தால் நான் தேதி போட்டிருக்கவே மாட்டேன். தபாலில் போய்த் திரும்பியும் வரவில்லை. போயிருந்தால் தலைக்கு மேல் தபால் முத்திரை விழுந்திருக்கும், கார்டில் அந்தக் கறுப்பு வட்டமே இல்லை. நூலின் தேதிச் சீட்டில் கடைசி முத்திரைக்குப் பிறகு வேறு தேதியும் இல்லை. அதாவது நூல் வந்தது, நான் பார்த்தேன், கார்டை எழுதினேன், எழுதியதை நூலுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஏன் என்பதற்குப் பழைய காலண்டர் பதில் சொன்னது. 12.11.87 வியாழக்கிழமை. அன்று மாலை தபால் எடுத்துப் போன பிறகுதான் நூல் வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. 14ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, அதுவும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நூலகம் உண்டு, தபால் இல்லை. திங்கட்கிழமைதான் அனுப்ப முடியும். அதற்குள் தேசிய நூலக வாரம் வந்துவிட்டது. வருஷா வருஷம் நவம்பர் 14 முதல் 20 வரை. கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, புது உறுப்பினர் சேர்ப்பு என்று ஓய்வே இராது. நூலகத்துக்கு வாருங்கள் என்று ஊரையெல்லாம் கூப்பிட்ட வாரத்தில், வருவதற்குக் காத்திருந்த ஒரு வாசகருக்கு எழுதிய கார்டைத் தபால் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. மேசையில் இருந்தால் பறந்துவிடும் என்று நூலுக்குள் செருகியிருப்பேன். கண்ணில் படாதது கருத்திலும் படவில்லை.

இந்த அளவில் இது ஒரு மறதி. அரசாங்க வேலையில் மறதி இல்லாதவர் யார் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எனக்கு முன்பதிவுப் பதிவேட்டையும் பார்க்கத் தோன்றியது. பழைய பதிவேடுகள் பின்னறையில் மூட்டையாக இருந்தன. தேடினேன், கிடைத்தது.

அந்தப் பெயருக்கு நேரே 'அறிவிப்பு அனுப்பிய தேதி' என்ற கட்டத்தில் 12.11.87 என்று எழுதியிருந்தேன். கார்டில் தேதி போட்ட கையோடு பதிவேட்டிலும் போட்டிருக்கிறேன். அனுப்பிய பிறகு எழுத வேண்டியதை எழுதிய பிறகு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் தெரியும். ஒரே மூச்சில் இரண்டையும் முடித்துவிட்டால் சுலபம் அல்லவா?

அதற்கு அடுத்த கட்டம் 'குறிப்பு'. அதில் 21.11.87 என்று தேதியிட்டு, இரண்டே சொல்: 'வாசகர் வரவில்லை.'

21ஆம் தேதி சனிக்கிழமை. நூலக வாரம் முடிந்த மறுநாள். மேசைக்குக் கீழே கிடந்ததையெல்லாம் ஒழுங்கு பண்ணியிருப்பேன். ஒரு வாரம் தாண்டிவிட்டது, ஆள் வரவில்லை, நூலின் முதுகும் பிளந்திருக்கிறது, பைண்டிங் கட்டில் போடு. நூலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு சொல்லை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கார்டு நூலுக்குள் கிடந்தது என்னுடைய மறதி. ஆனால் பதிவேடு குற்றத்தை வேறு ஆள் தலையில் வைத்துவிட்டது. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் நூலகர் தன் கடமையைச் செய்திருக்கிறார், மலையிலிருந்து கேட்டவர்தான் அலட்சியமாக இருந்துவிட்டார் என்றுதான் படிப்பார். அந்த ஆளுக்குத் தன்னைப் பற்றி அப்படி எழுதியிருப்பது தெரியவே போவதில்லை.

யார் அவர் என்று யோசித்தேன். முகம் லேசாக நினைவு வந்தது. மலையிலிருந்து வந்து கீழே விடுதியில் தங்கிப் பத்தாவது படித்த பையன். பள்ளி ஆசிரியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு உறுப்பினர் ஆக்கியிருந்தார். படிப்பு முடிந்து மலைக்குப் போன பிறகும் மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ இறங்கி வருவான். மலைப் பஸ் கீழே வந்து சேர நடுப்பகல் ஆகிவிடும். நாங்கள் காலையிலும் மாலையிலும் திறப்போம், நடுப்பகலில் மூடியிருப்போம். மாலை திறக்கும் வரை காத்திருந்தால் மேலே போகும் கடைசிப் பஸ் போய்விடும். இந்தச் சங்கடம் எனக்கு அன்றே தெரியும். அவனுக்குக் கார்டு போட்டு முன்பதிவு செய்யச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "கார்டு வந்தா மட்டும் வா தம்பி, வீணா அலையாதே" என்று சொன்னது அப்படியே காதில் கேட்டது.

எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து நூலகத் துறைக்கே ஐந்து விதிகள் வகுத்தவர். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். நல்ல மார்க்கும் வாங்கினேன்.

சரி, இப்போது என்ன செய்வது? மலைக்குப் போய் விசாரிக்கலாம் என்று ஒரு யோசனை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஒருவர் வீட்டு வாசலில் நின்று, உங்களுக்கு ஒரு நூல் வந்திருக்கிறது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அந்த ஊரில் இருக்கிறாரோ, ரிக் லாரியோடு வடக்கே போய்விட்டாரோ? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் போர்வெல் வண்டியில்தானே இந்தியா சுற்றினார்கள். கடைசியில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்யாமல் விட்ட வேலை எதுவோ அதையே செய்வது என்று முடிவு பண்ணினேன். கார்டைத் தபாலில் போடுவது.

15 காசுக் கார்டு அப்போது செல்லாது. கட்டணம் ஏறியிருந்தது. குறைவாக ஒட்டிப் போட்டால் பெறுகிறவரிடம் குறைந்ததற்கு இரண்டு பங்கு வாங்குவார்கள். என் தப்புக்கு அவர் தண்டம் கட்டும்படி ஆகிவிடும். மீதிக்குத் தபால் தலை வாங்கிப் பக்கத்தில் ஒட்டினேன். 12.11.87ஐ அடிக்காமல் அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை. தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

நூலின் முதுகு அப்படியே இருந்தது. பைண்டருக்குக் காத்திருந்தால் இன்னொரு பன்னிரண்டு வருஷம் ஆகலாம். வீட்டில் மைதா மாவு காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கொண்டுவந்தேன். பிரிந்த பாரங்களை ஊசி நூலால் தைத்து, முதுகில் காடாத் துணி ஒட்டி, மேலே இரண்டு பெரிய பதிவேடுகளைப் பாரம் வைத்து ஓர் இரவு விட்டேன். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் திறந்தால் தாள் உதிராது. பிறகு மேசைக்குக் கீழே அதே பழைய இடத்தில் வைத்தேன்.

விதிப்படி ஒரு வாரம். ஒரு வாரம் ஆயிற்று, யாரும் வரவில்லை. எட்டாம் நாள் நூலைக் கையில் எடுத்தேன், மறுபடி கீழேயே வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதவு திறக்கும்போதே ஓர் ஆள் படியில் உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. எழுந்து நின்று சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"இது என் கையெழுத்துங்க சார். நான் எப்ப எழுதினேன்னுதான் தெரியல. யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டிதான், எதுக்கும் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னா."

உட்காரச் சொன்னேன். நூலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் பெயரை வாசித்தார், அட்டையைத் தடவினார், திறக்கவில்லை.

"நேத்து ராத்திரியே எறங்கிட்டனுங்க. கீழ சொந்தக்காரங்க வீட்ல படுத்துட்டு வந்தேன். வெள்ளிக்கெழம லீவுன்னு தெரியுமுங்க. அன்னிக்கு வந்துதான் ஏமாந்து போனேன்."

"என்னைக்கு?" என்றேன்.

"அப்பத்தானுங்க. கார்டு குடுத்துட்டுப் போய் ஒரு மாசமாச்சு, கடுதாசி வரல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வெள்ளிக்கெழம, பூட்டிக் கெடந்துச்சு. மறுக்கா வந்தேன் பாருங்க, அது எம்.ஜி.ஆர். செத்த அன்னிக்கு. காலைல மொத பஸ்ல எறங்கிட்டேன், கீழ வந்த பொறவுதான் சேதியே தெரியும். கடை கண்ணி ஒண்ணுமில்ல, திரும்பப் பஸ்ஸும் இல்ல. நடந்தே ஏறினேன். வீடு போய்ச் சேர ராத்திரி ஆயிருச்சு. அப்புறம் வரலைங்க."

1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. அந்த நாள் யாருக்குத்தான் மறக்கும்? நானும் அன்று நூலகத்தைத் திறக்கவில்லை. ஒருவேளை திறந்திருந்து, அந்தப் பையன் வந்து கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அங்கேயே தோன்றியது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அறிவிப்பு அனுப்பியாயிற்றே தம்பி, நீதான் வரவில்லை என்று சொல்லியிருப்பேன். பதிவேடு என் பக்கம். அவன் பேசாமல் திரும்பிப் போயிருப்பான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்டு. கார்டு எங்கோ தொலைந்து இப்போது கிடைத்தது என்று தபால்காரர் மேல் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆனால் தபால்காரரும் என்னைப் போல ஒரு மாதச் சம்பளக்காரர்தானே. பின்னறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். கார்டு நூலுக்குள் இருந்ததையும், நான் அனுப்பாமலே அனுப்பியதாக எழுதியதையும் சொன்னேன்.

விரலை வைத்து வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"நான் வந்தனுங்க சார்" என்றார்.

கோபம் இல்லை, முறையீடு மாதிரியும் இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிறவர் குரல்தான். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

பதிவேட்டில் எழுதியதை அழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. படிக்கும்படியாக ஒரே கோடு அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பு மை எடுத்து 'வாசகர் வரவில்லை' என்பதன் மேல் கோடு போட்டேன். 'அறிவிப்பு அனுப்பப்படவில்லை. வாசகர் இரு முறை வந்தார். நூலகம் மூடியிருந்தது' என்று எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போனது. அவர் எட்டிப் பார்த்து முழுக்க வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"டிக்கெட் இருக்குதுங்களா, இல்ல புதுசா எழுதணுமா?" என்று கேட்டேன். துண்டில் முடிந்திருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். ரேஷன் கார்டுக்கும் ஏதோ பட்டா நகலுக்கும் நடுவிலிருந்து பழுப்பேறிய டிக்கெட்டை எடுத்தார். மூலை மடங்கியிருந்தது, எண் தெரிந்தது. உறுப்பினர் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினேன். கட்டிய காப்புத் தொகை அப்படியே வரவில் நின்றது. பாக்கி ஒன்றும் இல்லை. எங்களிடம்தான் பாக்கி இருந்தது.

அட்டையை டிக்கெட்டில் செருகித் தேதிச் சீட்டில் முத்திரை குத்தும்போது, ஏன் இந்த நூலைத்தான் கேட்டார் என்று விசாரித்தேன்.

"வாத்தியாருதானுங்க சொன்னாரு. உங்க மலையப் பத்திக் கதப் புஸ்தகம் வந்திருக்குது, எடுத்துப் படிடான்னு. எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்மளப் பத்தி எழுதியிருக்குதாம்பான்னு சொன்னேன். நம்மளப் பத்தி எவன்டா எழுதுவான், பொய் சொல்றன்னு நம்பவே இல்ல. கொண்டாந்து படிச்சுக் காட்டறேன் பாருன்னு சொல்லியிருந்தேன். தெனமும் சாயங்காலம் கேப்பாரு, கடுதாசி வந்துச்சாடான்னு."

"இப்ப அப்பா..."

"அடுத்த தையிலயே போய்ட்டாருங்க."

அவர் அதைச் சொன்ன மாதிரியேதான் நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கார்டை நூலுக்குள் வைத்து, நூலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எம்.ஜி.ஆர். இறந்த மார்கழிக்கும் தைக்கும் நடுவே எத்தனை நாள் இருந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். நவம்பர் பதினாறாம் தேதி திங்கட்கிழமை தபால் பெட்டி வரை நடந்திருந்தால் கார்டு அந்த வாரமே மேலே போயிருக்கும். எப்படி எண்ணினாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

இரண்டு வாரத் தவணை. அவர் திரும்பி வந்தது ஏழாம் வாரம். தாமதக் கட்டணம் உண்டு, நாள் கணக்கில் காசு. நான் அதைப் பேச்சில் எடுக்காமல் இருக்கப் பார்த்தேன். அவராகவே எவ்வளவு என்று கேட்டு, எண்ணி வைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டார். மிளகு கொடி பின்னுகிற வேலை இருந்ததால் இறங்க முடியவில்லையாம். கையில் ஒரு சீப்பு மலை வாழைப்பழம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மேசைமேல் வைத்துவிட்டார். அன்று பேப்பர் படிக்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ராத்திரியில சத்தமாத்தானுங்க படிச்சேன். எம் பொண்ணு கேட்டுட்டே இருந்துச்சு. எங்க பெரியப்பனும் வந்து உக்காந்துக்குவாரு. ரெண்டு மூணு வார்த்தை எங்க நாட்டுல வேற மாதிரி சொல்லுவோங்க, அந்த எடத்துல பெரியப்பன் நிறுத்தி, இப்படிச் சொல்லுன்னு திருத்துவாரு. அதனாலதான் இத்தன நாளாயிருச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பன் இருந்திருந்தா இன்னும் நாளாயிருக்கும்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அட்டையை நூலுக்குள் செருகி, டிக்கெட்டை அவரிடம் கொடுத்தேன். நூலைத் தட்டுக்கு வைக்கும் முன், இந்தத் தடவை ஏடுகளை ஒருமுறை முழுக்கப் புரட்டினேன். எதிர்பார்த்த மாதிரியே கார்டு உள்ளே இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்குங்க சார். அடுத்த புஸ்தகத்துக்கு ஆகுமுங்களே?"

முத்திரை விழுந்த கார்டு மறுபடி ஆகாது என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார். கால் மணி நேரத்தில் தபாலாபீசிலிருந்து புதுக் கார்டு ஒன்றோடு திரும்பி வந்தார். மேசை ஓரத்தில் குனிந்து நின்று, ஒவ்வோர் எழுத்தாகத் தன் முகவரியை எழுத ஆரம்பித்தார்.